ஒரே அடி, இரண்டு வாள்கள்: ஷினாயும் பொக்கெனும்

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவைப் பழகத் தொடங்கும் எல்லோருக்கும் சில வாரங்களில் ஒரு கேள்வி வந்துவிடும். அடிப்பதற்கு ஷினாய் என்கிற மூங்கில் வாள் இருக்கிறது, அடியைத் தாங்கக் கவசம் இருக்கிறது. அப்புறம் பொக்கென் என்கிற இந்த மரவாள் எதற்கு? வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஷினாய் மோதலுக்கு, பொக்கென் கட்டாவுக்கு" என்பது. கட்டா என்றால் இருவர் முன்கூட்டியே வகுத்த வரிசையில் செய்யும் அசைவுகள். தப்பில்லை. ஆனால் ஏன் அப்படிப் பிரிந்தது, ஒன்றின் வேலையை இன்னொன்று ஏன் செய்ய முடியாது என்பதை அந்தப் பதில் சொல்வதில்லை. எனக்கு அது விளங்கியது ஒரே ஒரு நுட்பத்தை இரண்டு வாளிலும் விடாமல் பழகியபோதுதான். அந்த நுட்பத்தின் பெயர் கோத்தே சுரியாகே மென். மணிக்கட்டை நோக்கி வரும் அடியை நம் வாளின் பக்கவாட்டால் மேல்நோக்கித் தேய்த்து விலக்கி, அதே வீச்சில் எதிராளியின் தலையில் அடிப்பது. அதற்குப் போகும் முன், கையில் இருக்கும் இரண்டு பொருள்களையும் பார்த்துவிடலாம்.

ஷினாய் ஒரே மூங்கில் கழி இல்லை. நான்கு மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்து, நடுவில் வெற்றிடம் இருக்கும்படி கட்டியது. நுனியில் ஒரு தோல் தொப்பி, அதற்குள் பிளாச்சுகள் உள்ளே சரியாமல் இருக்க ஒரு ரப்பர் அடைப்பு. கைப்பிடியில் நீளமான தோல் உறை. நுனித் தோலையும் கைப்பிடித் தோலையும் ஒரு கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். நுனியிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் நாகாயுயி என்கிற தோல்வார் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாமல், ஒரு சிறிய உலோகத் தகடு பிளாச்சுகளில் வெட்டிய காடிகளுக்குள் உட்கார்ந்து நான்கையும் நகராமல் வைத்திருக்கும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. அவிழ்த்துப் பிரித்து, ஒரு பிளாச்சை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பக் கட்டலாம்.

இந்தக் கட்டுமானத்தின் பயன் அடி விழும் கணத்தில் தெரியும். ஷினாய் தலைக்கவசத்தில் படும்போது நான்கு பிளாச்சுகளும் கொஞ்சம் வளைந்து, ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. அதனால் அடியின் விசை ஒரே நொடிப்பொழுதில் ஒரே புள்ளியில் இறங்குவதில்லை. கொஞ்சம் அதிக நேரத்தில், கொஞ்சம் அதிகப் பரப்பில் பரவுகிறது. மிச்சத்தைக் கவசத்தின் பஞ்சடைத்த துணி வாங்கிக்கொள்கிறது. கெண்டோ கூடத்தில் காதைப் பிளக்கும் அந்த "பட்" சத்தம், பிளாச்சுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். கேட்பவருக்குப் பயமாக இருக்கும். வாங்கியவருக்கு, அடி சரியாக விழுந்திருந்தால், வலி அவ்வளவாக இருக்காது.

பொக்கெனை கெண்டோ கூடங்களில் பெரும்பாலும் பொக்குதோ என்பார்கள். இரண்டும் ஒரே பொருள்தான். அது ஒரே மரத்துண்டில் செதுக்கியது. பொதுவாக ஜப்பானிய வெள்ளை ஓக் அல்லது சிவப்பு ஓக். ஜப்பானில் செய்யப்படும் மரவாள்களில் மிகப் பெரும்பகுதி கியூஷு தீவில் மியாசாகி மாவட்டத்தின் மியாக்கோனோஜோ என்ற ஊரிலிருந்து வருகிறது. கெண்டோவில் பயன்படும் நீண்ட வாளின் நீளம் சுமார் 102 சென்டிமீட்டர். வாளைப் போலவே லேசான வளைவு உண்டு. கீழே கூர் இருக்க வேண்டிய பக்கம், மேலே முதுகு, இரண்டு பக்கங்களிலும் கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்து நுனிவரை ஓடும் ஒரு மேடான விளிம்பு. அந்த விளிம்புக்கு ஷினோகி என்று பெயர். இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சொல் அதுதான். கைப்பிடி நீள்வட்ட வடிவம். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

ஷினாயில் இவை எதுவும் இல்லை. அது நேரானது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட வட்டம். கயிறு ஓடும் பக்கம் முதுகு என்று வைத்துக்கொள்கிறோம், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கூர் என்று வைத்துக்கொள்கிறோம். அதாவது ஷினாயில் கூர் என்பது நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். பொக்கெனில் அது மரத்திலேயே இருக்கிறது.

எடையிலும் நீளத்திலும் இன்னொரு வேறுபாடு. பெரியவர்களுக்கான போட்டி விதிப்படி ஷினாய் 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440 கிராம் இருக்க வேண்டும். கைக்காப்பு வட்டத்தின் எடை இதில் சேராது. பொக்கெனும் எடையில் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கும், மரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும். ஆனால் நீளம் 18 சென்டிமீட்டர் குறைவு, முழுக்கத் திண்மையான மரம். அதனால் அதே வேகத்தில் தலையில் இறங்கினால் வளைந்துகொடுக்க எதுவும் இல்லை. விசை முழுவதும் ஒரு விரல் அகலத்தில், கண நேரத்தில் இறங்கும். மண்டையோ மணிக்கட்டோ உடையும். கவசம் போட்டிருந்தாலும் பொக்கெனால் அடிப்பதில்லை. கெண்டோ கவசம் ஷினாயின் அடிக்காகச் செய்யப்பட்டது, மரத்தின் அடிக்காக இல்லை.

இந்த ஒரே காரணத்திலிருந்துதான் இரண்டு விதமான பயிற்சி பிறந்தது. ஜப்பானிய வாள் பள்ளிகள் வெகுகாலம் மரவாளால், முன்கூட்டியே வகுத்த கட்டாக்களைத்தான் பழகின. முழு விசையில் அடித்தால் கூட்டாளி செத்துப்போவார். அடிக்காமல் நிறுத்தினால் அடி பட்டிருக்குமா என்று தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல பேர் பலவாறு முயன்றிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஷின்காகே பள்ளியின் கமியிசுமி நோபுட்சுனா, பிளந்த மூங்கிலைத் தோல் பைக்குள் நுழைத்துப் பயிற்சி வாளாக்கினார் என்பது மரபு. ஓனோ பிரிவு இத்தோ பள்ளியில் தடித்த கையுறை ஒன்றை ஒருவர் மட்டும் போட்டுக்கொண்டு, மரவாளாலேயே மணிக்கட்டில் நிஜமாக அடி வாங்கிப் பழகும் முறை இன்றும் இருக்கிறது. அந்தக் கையுறையைப் பார்த்தால் குளிர்காலப் போர்வையைச் சுருட்டிக் கையில் கட்டியது போல இருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜிகிஷின்காகே பள்ளியின் நாகானுமா குனிசாத்தோ, அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து நகனிஷி சூசோ என்று ஒருவர்பின் ஒருவராகக் கவசத்தையும் மூங்கில் வாளையும் செம்மைப்படுத்தினார்கள். அதன்பின் இளைஞர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். நிஜமாக அடிக்கலாம், நிஜமாக ஜெயிக்கலாம் அல்லவா. ஆனால் உடனே அதன் மறுபக்கமும் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஓயிஷி சுசுமு என்ற வீரர் ஐந்து ஷாகுவைத் தாண்டிய, அதாவது ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீண்ட ஷினாயோடு எடோ நகருக்கு வந்து பேர்பெற்ற கூடங்களையெல்லாம் கலக்கினார். அந்த நீளத்தில் நிஜ வாளை இடுப்பில் செருகி நடக்கவே முடியாது. ஆனாலும் மற்றவர்களும் ஷினாயை நீட்டிக்கொண்டே போனார்கள். 1856இல் ஷோகுனின் அரசு கோபுஷோ என்ற போர்ப்பயிற்சிக் கூடத்தைத் திறந்தபோது ஷினாயின் நீளத்துக்கு 3 ஷாகு 8 சுன் என்று வரம்பு வைத்தது, ஏறக்குறைய 115 சென்டிமீட்டர். இன்றைய 120 சென்டிமீட்டர் வரம்பும் அந்த அளவை ஒட்டித்தான் நிற்கிறது. ஷினாயைத் தனியே விட்டால் அது வாளிலிருந்து விலகித் தன் வழியில் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1912இல் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் கூடி இன்றைய கெண்டோ கட்டாவை வகுத்தார்கள். நீண்ட வாளுக்கு 7, குட்டை வாளுக்கு 3. பிறகு 2003இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம், ஷினாயில் அன்றாடம் செய்யும் அடிகளையே பொக்கெனில் பழகும்படி 9 பாடங்கள் கொண்ட ஓர் அடிப்படைப் பயிற்சியைக் கொண்டுவந்தது. கட்டா தேர்வுக்கு, ஷினாய் போட்டிக்கு என்று இரண்டும் தனித்தனியாகக் கிடந்ததைச் சேர்த்துக் கட்டிய பாலம் இது. அதில் ஆறாவது பாடம்தான் கோத்தே சுரியாகே மென். அதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பொக்கெனில். கவசம் கிடையாது. இருவரும் வாள் நுனி எதிராளியின் தொண்டையை நோக்கியிருக்கும்படி நடு நிலையில், நுனிகள் லேசாகக் குறுக்கிடும் தூரத்தில் நிற்கிறோம். எதிரே நிற்பவர் ஓர் எட்டு முன்வைத்து என் வலது மணிக்கட்டை நோக்கி வெட்டுகிறார். நான் இடது காலில் தொடங்கி ஓர் எட்டு பின்வாங்கிக்கொண்டே வாளை மேலே தூக்குகிறேன். நேராக இல்லை, நுனி வலப்பக்கமாக ஒரு சின்ன அரைவட்டம் போட்டபடி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் என் வாளின் வலது ஷினோகி அவர் வாளைச் சந்திக்கிறது. ஷினோகி ஒரு சரிவு. அந்தச் சரிவில் அவர் வாள் வழுக்கி என் வலப்பக்கம் வெளியே போய்விடுகிறது. அது போய்க்கொண்டிருக்கும்போதே என் வாள் தலைக்கு மேலே வந்துவிட்டது. உடனே வலது காலை முன்வைத்து அவர் தலைக்கு நேரே இறக்கி, தொடாமல் சற்று மேலே நிறுத்துகிறேன்.

இதில் எல்லாமே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: விலக்குவதும் தூக்குவதும் ஒரே அசைவு. முதலில் தட்டிவிட்டு, பிறகு தூக்கி, பிறகு அடித்தால் அது சுரியாகே இல்லை. இந்த வேறுபாட்டைப் பொக்கென் ஒளிக்காமல் சொல்லிவிடும். சரியாகச் செய்தால் மரம் மரத்தில் "ஸ்ஸ்க்" என்று உரசிப் போகும் மெல்லிய ஓசைதான் வரும். தட்டினால் "டக்" என்று ஓசை வரும். எங்கள் கூடத்தில் ஒரு மூத்த சென்செய் இந்தப் பாடத்தின்போது பெரும்பாலும் எங்களைப் பார்க்கவே மாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "இப்போது தட்டினீர்கள்", "இது சரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

தட்டியது வாளிலும் பதிந்துவிடும். ஒரு வருடம் பழகிய பொக்கெனை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஷினோகியில் நீளவாக்கில் கோடு கோடாகத் தேய்ந்து பளபளப்பாக இருந்தால் அவர் வழுக்கவிட்டிருக்கிறார். அங்கங்கே பள்ளம் பள்ளமாக நசுங்கியிருந்தால் தட்டியிருக்கிறார். கூர்ப்பக்கத்தில் பள்ளங்கள் இருந்தால் இன்னும் மோசம்: வரும் வாளைக் கூரால் தடுத்திருக்கிறார். நிஜ வாளாக இருந்தால் கூர் முறிந்திருக்கும்.

சரி, இதையே ஷினாயில் செய்வோம். இப்போது கவசம் உண்டு, எதிராளி நிஜமாக அடிக்கிறார். அதே அசைவைச் செய்கிறேன், வேலை செய்வதில்லை. ஏன்? ஷினாயில் ஷினோகி இல்லை. இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று ஒரு புள்ளியில் படுகின்றன. அந்தப் புள்ளி உருளையின் பக்கவாட்டில் விழுந்தால் எதிராளியின் ஷினாய் வெளியே போகும். கொஞ்சம் மேலே விழுந்தால் என் ஷினாயையே கீழே அழுத்திவிடும். பொக்கெனில் சரிவு செய்து தரும் வேலையை இங்கே என் கை செய்ய வேண்டியிருக்கிறது: நுனி போடும் அரைவட்டம் நேரத்தோடு தொடங்க வேண்டும், ஏறும்போதே கை கொஞ்சம் முன்னே போக வேண்டும். போதாக்குறைக்கு மூங்கில் வளைந்துகொடுக்கும். லேசான தொடுதலில் பொக்கென் விலக்கிவிடும் வாளை, ஷினாய் கொஞ்சம் வளைந்து உள்ளே விட்டுவிடும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, பலமாகத் தட்டுவது. தட்டினால் எதிராளியின் ஷினாய் விலகத்தான் செய்யும். ஆனால் என்னுடையதும் வலப்பக்கம் வெகுதூரம் போய்விடும். திரும்ப நடுக்கோட்டுக்கு வந்து அடிப்பதற்குள் எதிராளி என்னைக் கடந்து போயிருப்பார், அல்லது ஒட்டிவந்து நின்றிருப்பார். ஷினாயை மட்டும் பழகியவருக்கு இது ஏன் தாமதமாகிறது என்றே புரியாது; கை வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகத் தட்டுவார். பொக்கெனில் பழகியவருக்கு எந்த உணர்வைத் தேட வேண்டும் என்று தெரியும். ஷினாய் அந்த உணர்வைத் தராது. ஆனால் கை அதை நினைவில் வைத்திருக்கும். சரியாக விழும் நாளில், ஷினாயிலும் அந்த உரசல் கையில் தெரியும். அந்த உணர்வுக்காகவே நான் இன்னும் இந்த அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பொக்கென்தான் உண்மையான ஆசிரியர், ஷினாய் ஒரு விளையாட்டுப் பொருள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பொக்கெனில் அந்த ஆறாவது பாடத்தை அழகாகச் செய்யும் பலரை நான் பார்த்திருக்கிறேன். கவசம் போட்டு நின்றால் ஒரு சுரியாகேகூட அவர்களுக்கு விழாது. காரணம் எளிது. பொக்கென் பாடத்தில் மணிக்கட்டுக்குத்தான் அடி வரும் என்று முன்பே தெரியும். எப்போது வரும் என்பதும் ஏறக்குறைய தெரியும். எதிரே நிற்பவர் ஏமாற்றமாட்டார், பாதியில் மாற்றமாட்டார். ஷினாயில் அவர் மணிக்கட்டைக் காட்டித் தலைக்கு வருவார், தலையைக் காட்டி மணிக்கட்டுக்கு வருவார். நான் மூச்சை உள்ளிழுக்கும் நேரம் பார்த்து வருவார்.

ஆகவே ஷினாயில் இந்த நுட்பத்தின் முக்கால் பங்கு, வாள்கள் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எதிராளி மணிக்கட்டைத்தான் தாக்க வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்ய வேண்டும். நுனியால் அழுத்தம் கொடுத்துக்கொண்டே அரை எட்டு முன்னே போய், கையைத் தலைக்கு அடிக்கப்போவது போலக் கொஞ்சம் மட்டும் உயர்த்துவேன். மணிக்கட்டு திறக்கும். பசியோடு காத்திருப்பவர் அதைத் தாக்குவார். வரும் என்று தெரிந்து காத்திருப்பதால் என் அரைவட்டம் நேரத்தோடு தொடங்கும். கையை அதிகம் உயர்த்திவிட்டால் அந்த அடி நிஜமாகவே விழுந்துவிடும். குறைவாக உயர்த்தினால் அவர் வரமாட்டார். இந்த அளவைக் கற்றுத்தர ஷினாயால் மட்டுமே முடியும். தப்பினால் மணிக்கட்டில் ஓர் அடி, அவ்வளவுதான். மறுபடி நின்று மறுபடி முயலலாம். ஒரு மாலைக்குள் பல முறை தப்பலாம். பொக்கெனில் ஒருமுறை தப்பினாலும் விரல் முறியும், அதனால்தான் அங்கே தப்புவதற்கு இடமே விடாமல் பாடத்தை வகுத்திருக்கிறார்கள்.

கால்களும் மாறுகின்றன. பொக்கெனில் பாதம் தரையை விட்டு எழாமல் வழுக்கி நகர்கிறது. ஷினாயில் கடைசி எட்டு தரையை ஓங்கி மிதித்துப் பாய்வது. வாள் நீளம் என்பதால் இருவரும் இன்னும் தள்ளித்தான் நிற்கிறோம். கடக்க வேண்டிய தூரம் அதிகம். பாடத்தில் செய்வதுபோல முழு எட்டு பின்வாங்கினால் மோதலில் நேரம் போதாது. அதனால் பலர் நின்ற இடத்திலேயே, அல்லது இடது காலைச் சற்றே ஒதுக்கி, சுரியாகேயைச் செய்கிறார்கள். பொக்கென் பாடத்தைப் பிடிவாதமாக அப்படியே ஷினாயில் கொண்டுவர நினைத்தால் தோல்விதான். அங்கிருந்து கொண்டுவர வேண்டியது வாளின் பாதை மட்டும்.

அந்தப் பாதையோடு சேர்ந்து வரவேண்டிய இன்னொன்று, கூரின் திசை. அதற்கு ஹசுஜி என்று பெயர். வீச்சு எந்தத் திசையில் போகிறதோ கூரும் அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். போட்டியில் அடி செல்லுபடியாக இதுவும் ஒரு நிபந்தனை. ஷினாய் வட்டமானது என்பதால் கைக்குள் திரும்பிவிட்டால் தெரியாது. அதிலும் வலது கை இறுகப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் கண்டிப்பாகத் திரும்பும். விலாவில் அடிக்கும் தோ அடியில் இது பளிச்சென்று தெரியும்: கூர்ப்பக்கம் படாமல் பக்கவாட்டுப் பிளாச்சு தட்டையாகப் படும், ஓசையும் மங்கலாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, அடித்து முடித்ததும் அசையாமல் நின்று கயிறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. மேலே இருக்க வேண்டிய கயிறு பக்கவாட்டில் வந்திருந்தால் திரும்பிவிட்டது. திருத்த, அதே வீச்சைப் பொக்கெனில் மெதுவாகச் செய்தால் போதும். நீள்வட்டக் கைப்பிடி உள்ளங்கையில் திரும்பும்போதே அழுத்தி எச்சரித்துவிடும். நீள்வட்டக் கைப்பிடியுள்ள ஷினாயும் விற்கிறார்கள். உதவும்தான், ஆனால் வளைவும் ஷினோகியும் அதில் வராது.

இரண்டையும் நான் பழகும் வரிசை இப்படி. கவசம் கட்டும் முன், உடல் சூடானதும், பொக்கெனில் அன்றைக்கு எடுத்துக்கொண்ட ஒரே ஒரு பாடத்தை இருவர் மாறி மாறிச் செய்வோம். கவசம் கட்டியதும் அதே நுட்பத்தை ஷினாயில், அடி எங்கே வரும் என்று சொல்லிவைத்து. அதன்பின் எதிராளிக்கு மணிக்கட்டு அல்லது தலை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கடைசியில் கட்டுப்பாடில்லாத மோதல். நுட்பம் எந்தப் படியில் உடைகிறதோ அங்கே பிழை இருக்கிறது. பொக்கெனிலேயே உடைந்தால் பாதை தப்பு. சொல்லிவைத்த ஷினாய் அடியில் உடைந்தால் கையும் தூரமும் தப்பு. இரண்டில் ஒன்று என்ற நிலையில் உடைந்தால், கையில் ஒன்றுமில்லை. எதிராளியைப் படிக்கத் தெரியவில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் இரண்டும் ஆபத்தாகும் விதமும் வேறு. ஷினாய் பிளாச்சில் எழும் சிலாம்பு தலைக்கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து கண்ணில் பாயலாம். கெண்டோவில் எல்லோரும் மிகவும் அஞ்சுவது இதைத்தான். நுனித் தோலுக்குள் இருக்கும் ரப்பர் நைந்துவிட்டால் பிளாச்சு ஒன்று தொப்பியை விட்டு வெளியே வரலாம். அதுவும் கம்பிக்குள் போகும் அகலம்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன் ஷினாயைக் கையில் லேசாக முறுக்கி, பிளாச்சுகளுக்கு நடுவே பிளவு தெரிகிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா, நாகாயுயி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னச் சிலாம்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். ஜப்பானின் வறண்ட குளிர்காலத்தில் எண்ணெய் இன்னும் அவசியம், மூங்கில் காய்ந்தால் சீக்கிரம் பிளக்கும். நீளவாக்கில் விரிசல் விட்ட பிளாச்சை மாற்றியே ஆக வேண்டும். டேப் சுற்றிச் சமாளிக்கும் பழக்கத்தை எந்தக் கூடமும் அனுமதிக்கக் கூடாது. விரிசல் டேப்புக்கு உள்ளே வளர்வது கண்ணுக்குத் தெரியாது.

பொக்கென் பல ஆண்டுகள் உழைக்கும். சின்னப் பள்ளங்களை உப்புத்தாளால் சமப்படுத்தலாம். ஆனால் விரிசல் விட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது. இருவர் பயிற்சியில் முறிந்த நுனி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடையில் வாங்கும்போது மெருகையும் நிறத்தையும் பார்த்து ஏமாறாதீர்கள். நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து நீளவாக்கில் பாருங்கள், கோணல் தெரியும். பிறகு மரத்தின் ரேகையைக் கைப்பிடியிலிருந்து விரலால் தொடர்ந்து போங்கள். அது நுனிவரை ஓட வேண்டும். நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிட்டால் என்றைக்காவது அங்கேதான் முறியும். அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.